வி.பி.என். போட்டும் விளம்பரம் வருகிறதே?

“சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வைஃபையில் வி.பி.என். போட்டுக்கொண்டுதான் தையல் மிஷின் விலை பார்த்தேன். வீட்டுக்கு வருவதற்குள் பேஸ்புக்கில் அதே மிஷின் விளம்பரம்! வி.பி.என். வேலை செய்யவில்லையா?”

வேலை செய்திருக்கும், சகோதரி. சந்தேகம் இருந்தால், அதை அணைத்துவிட்டு கூகுளில் what is my ip என்று தேடுங்கள். போட்டபின் மறுபடி தேடுங்கள். அங்கே காட்டும் உங்கள் இணைய முகவரி எண் மாறினால் சரி.

வி.பி.என். என்றால் வர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க். பொது இணையத்துக்குள்ளேயே உங்கள் கைப்பேசிக்கும் வி.பி.என். நிறுவனத்தின் சர்வருக்கும் நடுவில் ஒரு மூடிய குழாய் போடுகிறது. அது இல்லாதபோது, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது கடை வைஃபைக்காரருக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கும் தெரிய வாய்ப்புண்டு. போட்டபின் அவர்களுக்குத் தெரிவது, ஒரு சர்வரோடு இவ்வளவு டேட்டா போய் வருகிறது என்பது மட்டுமே.

ஆனால் குழாயின் அந்தப் பக்கம் மிஷின் விற்கும் தளம் இருக்கிறதே! அங்கே நீங்கள் லாகின் செய்திருந்தால் ஆள் யாரென்று அதற்குத் தெரியும். லாகின் செய்யாவிட்டாலும், உங்களை அடையாளம் காணத் தளங்கள் விட்டுவைக்கும் குக்கி என்ற சிறு கோப்பு பிரவுசரில் இருக்கும். பல கடைத் தளங்கள், யார் எந்தப் பொருளைப் பார்த்தார் என்பதை பேஸ்புக்குக்கு அனுப்புகின்றன. உங்களுக்கு வந்த விளம்பரமும் பெரும்பாலும் அந்த வழிதான். குக்கியை அழித்துவிட்டு, லாகின் செய்யாமல் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடினால் இது குறையும்.

அப்புறம், சாப்பாட்டுக் கடைக்காரர் பார்க்க முடியாத அந்தத் தளப் பெயர்களை இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்க முடியும். இலவசச் செயலி என்றால், பதிவுகளை வைத்திருக்கிறார்களா என்று முதலில் படித்துப் பாருங்கள்.