அழைப்பிதழுக்கு முகவரி சேகரிப்பது: கேள்வி பதில்

ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் 22 வருடம் இருந்தேன். திரும்பி வந்த உறைகளைப் பிரித்து, எங்கே பிசகியது என்று பார்ப்பதுதான் என் காலை வேலை. அப்புறம் எங்கள் குடும்பத்தில் ஐந்து கல்யாணங்களுக்கு முகவரிப் பட்டியல் என் பொறுப்பில் வந்தது. முகவரி வாங்குவது, அதைச் சரிபார்ப்பது பற்றிக் கேளுங்கள். அச்சு, அட்டை, வாசகம் பற்றி எனக்குத் தெரியாது.

மணப்பெண்ணின் அண்ணன்: பட்டியலில் 260 பேர் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஆட்களை வீடுகளாக மாற்றுங்கள் தம்பி. ஒரு வீட்டுக்கு ஓர் உறை, ஒரு வரிசை. 260 பேர் என்பது அநேகமாக நூறு சொச்சம் வீடுகளாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் உறையில் எழுத வேண்டிய பெயர், முகவரி, போன் எண் இருக்கட்டும். கூடவே இரண்டு கட்டங்கள் சேருங்கள்: இந்த முகவரி யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது. இந்த இரண்டும் இல்லாத பட்டியலில், பழைய டயரியிலிருந்து எடுத்த முகவரியும் நேற்று வாங்கியதும் ஒரே மாதிரித் தெரியும். யாரிடம் மறுபடி கேட்க வேண்டும், யாரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.

தயங்குபவர்: முகவரி கேட்டாலே அழைப்பு உறுதி என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள், அது நியாயமும்கூட. கல்யாண வீட்டிலிருந்து முகவரி கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? அதனால் 'பார்க்கலாம்' என்ற நிலையில் இருக்கும் பெயர்களுக்கு ஒரு செய்தியும் போகக் கூடாது. இரு வீட்டாரும் உட்கார்ந்து பட்டியலை முடித்த பிறகுதான் கேட்கத் தொடங்க வேண்டும். முகவரி வாங்கிவிட்டு அனுப்பாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிடப் பெரிய காயம். ஒருவர் என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன்.

மணமகனின் சித்தி: முகவரி கையில் இருக்கிறது. 'முகவரி சரிதானே?' என்று அனுப்பினேன். எல்லோரும் 'சரி' என்றார்கள். வேறென்ன செய்ய வேண்டும்?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த 'சரி'யை நான் நம்ப மாட்டேன். 'சரிதானே' என்று முடித்தால், படிக்கிறவரின் விரல் தானாகவே 'சரி'க்குப் போய்விடும். முதல் வரியில் தெருப்பெயரைப் பார்த்ததும் மீதியைப் படிக்க மாட்டார்கள். தப்பு ஒளிந்திருப்பது தெருவில் இல்லை. வீட்டு எண், மாடி, பிளாக், குறியீட்டு எண், இந்த நான்கில்தான்.

என் தம்பி மகள் கல்யாணத்தில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை மட்டும் அனுப்பினார். உறை திரும்பி வந்துவிட்டது. அவர் அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. தெரு, கட்டடம் எல்லாம் சரி, வீட்டு எண் மட்டும் பழையது. அவர் பொய் சொல்லவில்லை, படிக்கவில்லை.

அதனால் ஒற்றைச் சொல்லில் தப்பிக்க முடியாத, ஆனால் பத்து விநாடியில் பதில் சொல்லக்கூடிய ஒரு சின்னக் கேள்வியைச் சேருங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் மாமா. கல்யாண அழைப்பிதழை உங்களுக்குத் தபாலில் அனுப்புகிறோம். உறையில் கீழே உள்ளபடிதான் எழுதப் போகிறேன். வீட்டு எண் 14-ஆ, 14பி-யா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம். அடுத்த மாதம் முழுக்க இதே வீட்டில்தான் இருப்பீர்களா? 10ஆம் தேதி உறை எழுத உட்காருகிறோம், அதற்குள் சொன்னால் போதும்."

அதன் கீழே, உறையில் வருகிற மாதிரியே வரிவரியாக முகவரி. ஒரே நீளமாக எழுதாதீர்கள். வரி பிரித்து எழுதினால் அவர்கள் கண்ணும் வரிவரியாக நிற்கும். 'அடுத்த மாதம் இதே வீட்டில்தானா' என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். வீடு மாற இருப்பவர்கள் தாங்களாக அதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நீங்கள் கேட்ட அன்றைக்கு அந்த முகவரி சரிதான்.

சந்தேகம் எதுவும் இல்லாத முகவரிக்கு? குறியீட்டு எண்ணின் இடத்தைக் காலியாக விட்டு, அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். அதை எழுதுகிறவர் மேலே உள்ள வரிகளையும் ஒருமுறை பார்ப்பார்.

கணக்கு எழுதுபவர்: இவ்வளவு தேவையா அம்மா? நான் 'திருத்தம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்' என்று அனுப்பினேன். பதில் வராதவை எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு குறையும் வரவில்லை.

பாதி ஒப்புக்கொள்கிறேன். கடந்த ஒரு வருடத்துக்குள் நீங்களே போய் வந்த வீடு, அல்லது நீங்கள் அனுப்பிய தபால் போய்ச் சேர்ந்த வீடு என்றால் உங்கள் முறைதான் நல்லது. அவர்களுக்கு வேலையே வைப்பதில்லை. மற்ற வீடுகளுக்கு மௌனத்தில் மூன்று அர்த்தம் உண்டு. படித்தார், சரியாக இருந்தது. படித்தார், அப்புறம் சொல்லலாம் என்று வைத்துவிட்டார். பார்க்கவே இல்லை. நீங்கள் மூன்றையும் ஒன்றாக எண்ணுகிறீர்கள்.

கணக்கு எழுதுபவர்: படித்ததற்கான குறி வந்துவிடுகிறதே?

செய்தி திறக்கப்பட்டது என்றுதான் அது சொல்லும். போன் பேரன் கையில் இருந்திருக்கலாம்.

பெரியவர் ஒருவர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மூத்தவர்களுக்குச் செய்தி அனுப்பி முகவரி கேட்பதே மரியாதை இல்லை. போன் செய்து கேட்க வேண்டும். என்னை யாரும் அப்படி மதிப்பதில்லை.

உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. மூத்தவர்களுக்கு நானும் போன்தான் செய்வேன். ஆனால் போனில் கேட்டு எழுதிய முகவரியில்தான் நான் அதிகம் ஏமாந்திருக்கிறேன். 'பி பிளாக்' என்பதும் 'டி பிளாக்' என்பதும் காதில் ஒன்றுதான். எழுபத்தெட்டு எண்பத்தெட்டாகிவிடும். அதனால் எண்ணை முழுதாகக் கேட்டபின், ஒவ்வோர் இலக்கமாக நான் திருப்பிச் சொல்வேன்: "ஏழு, அப்புறம் எட்டு, சரியா மாமா?" பேசி முடித்ததும் எழுதியதை அந்த வீட்டில் இளையவர் ஒருவருக்குச் செய்தியாக அனுப்பிவிடுவேன். பெரியவரிடம் பேசியாயிற்று, கண்ணால் பார்த்தும் ஆயிற்று.

கணக்கு எழுதுபவர்: நூறு வீட்டுக்கும் இப்படிச் செய்தால் அதுதான் நச்சரிப்பு. மௌனத்தை மதிப்பதுதான் நாகரிகம்.

பெரியவர் ஒருவர்: மௌனத்தை மதித்து, கடைசியில் அழைப்பிதழே வராமல் போனால் அது நாகரிகமா?

இரண்டு பேரும் உங்கள் உங்கள் பக்கத்தில் சரியாகத்தான் பேசுகிறீர்கள். எது நச்சரிப்பு என்பதற்கு என் கணக்கு வேறு: ஒரே ஆளை, ஒரே விஷயத்துக்கு, புதிதாக எதுவும் சொல்லாமல் மறுபடி கேட்பது. தம்பி மகள் கல்யாணத்தில் 118 வீடுகள். முதல் செய்திக்கு 71 வீடுகள் பதில் சொன்னார்கள். பத்து நாள் கழித்து மீதி 47 வீடுகளுக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போனது. அதில் 'பார்த்தீர்களா, பதில் இல்லையே' என்று எழுதவில்லை. "நாளை மறுநாள் உங்கள் உறையை எழுதுகிறேன், இந்த முகவரிக்கே அனுப்பட்டுமா?" என்று எழுதினேன். 29 வீடுகள் பதில் தந்தார்கள். மிச்சம் 18. அந்த 18 பேரிடம் நான் மறுபடி கேட்கவே இல்லை, அவர்களை அறிந்த வேறொருவரிடம் கேட்டேன். அக்காள், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர் என்று 11 முகவரிகள் அப்படித் தெளிந்தன. 4 பேருக்குப் போன் செய்தேன், அதுவும் முகவரிக்காக இல்லை, அழைப்பதற்காக. பேச்சு முடியும்போது முகவரியைப் படித்துக் காட்டினேன். 3 உறைகளைக் கையில் இருந்த முகவரிக்கே அனுப்பிவிட்டேன். அந்த மூன்றும் மௌனத்தை நம்பிப் போனவைதான் கணக்கு சார், அதை மறுக்கவில்லை.

கணக்கு எழுதுபவர்: மூன்றும் போய்ச் சேர்ந்ததா?

இரண்டு போய்ச் சேர்ந்தன. மூன்றாவது திரும்பியும் வரவில்லை, வந்ததாக அவர் சொல்லவும் இல்லை.

புதியவர்: நினைவூட்டல் எத்தனை முறை அனுப்பலாம்?

ஒரு முறை. மேலே எழுதியிருக்கிறேன்.

தோழி: நண்பர்கள் எல்லோரும் லொகேஷன் அனுப்பிவிட்டார்கள். அதை வைத்து எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். வரைபடத்தில் வைத்த புள்ளியை உறையில் எழுத முடியாது. அது பல நேரம் அவர் செய்தி அனுப்பிய இடத்தைத்தான் காட்டும், அது அலுவலகமாகவும் இருக்கும். மாடியும் வீட்டு எண்ணும் அதில் வராது. எழுத்தில் வாங்குங்கள்.

ஒருங்கிணைப்பாளர்: ஒரு பட்டியலைத் திறந்து வைத்து, குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டு, எல்லோரையும் அவரவர் வரிசையை நிரப்பச் சொன்னால் வேலை மிச்சம்தானே?

தயவுசெய்து செய்யாதீர்கள். நூறு வீடுகளின் முகவரியும் போன் எண்ணும், அந்த இணைப்பு கைமாறிப் போகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அதில் தனியாக இருக்கும் பெண்கள் உண்டு, யாரிடமிருந்தோ விலகி வந்து முகவரியைச் சொல்லாமல் வாழ்கிறவர்களும் இருக்கலாம். யார் அழைக்கப்பட்டார்கள், யார் இல்லை என்பதும் வெளியே வந்துவிடும். நிரப்பித் தர வேண்டுமானால் படிவம் வையுங்கள். ஒருவர் நிரப்பியது இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. கல்யாணம் முடிந்து நன்றிக் கடிதங்களும் போனபின் பட்டியலை அழித்துவிடுங்கள்.

வெளிநாட்டு உறவினர் உள்ளவர்: அட்டவணையில் குறியீட்டு எண்ணின் முன்னால் இருந்த 0 காணாமல் போகிறது. நான் தப்பாக எழுதிவிட்டேனா?

நீங்கள் சரியாகத்தான் எழுதினீர்கள். அட்டவணை அதை எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் 0-ஐ எடுத்துவிடுகிறது. 0-இல் தொடங்கும் குறியீடுகள் பல நாடுகளில் உண்டு. தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே அந்தக் கட்டங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தொலைந்ததை அது மீட்டுத் தராது, அவற்றை மட்டும் மூல செய்தியைப் பார்த்துத் திரும்ப நிரப்புங்கள். வெளிநாட்டு உறையில் நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக, பெரிய எழுத்தில் வரட்டும். மற்ற வரிகளின் வரிசையை உங்கள் பழக்கத்துக்கு மாற்றாதீர்கள், அவர் அனுப்பிய வரிசையிலேயே எழுதுங்கள்.

மணமகன்: அழைப்பிதழில் யார் பெயரை முதலில் போடுவது?

அது அச்சு வாசகம். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள் தம்பி.

இன்னொருவர்: பதில் வராதவர்களுக்குத் தினமும் ஒரு முறை ஞாபகப்படுத்தலாமா?

கூடாது. மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: ஒரே நினைவூட்டல், அப்புறம் வேறொருவர் மூலம்.

மணப்பெண்ணின் அம்மா: எல்லாம் செய்தும் ஓர் உறை திரும்பி வந்துவிட்டது. அவர்களிடம் எப்படிச் சொல்வது? குற்றம் சொன்னது போல ஆகிவிடுமோ?

திரும்பி வந்ததே நல்லது அம்மா. பின்பக்கம் உங்கள் முகவரியை எழுதியிருந்ததால்தான் அது உங்கள் கைக்கு வந்தது. முகவரி தப்பு என்று சொல்ல வேண்டாம். "உங்களுக்கு அனுப்பியது எங்களிடமே வந்துவிட்டது, மறுபடி அனுப்புகிறேன், இப்போது எங்கே அனுப்பினால் உங்கள் கைக்கு வரும்?" என்று கேளுங்கள். நாள் குறைவாக இருந்தால் அழைப்பிதழின் படத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்த உறையைத் தூக்கிப் போடாமல் மேலே ஒட்டியிருக்கும் குறிப்பைப் பாருங்கள். வீட்டில் ஆள் இல்லை என்றால் அதே முகவரிக்கு மறுபடி அனுப்பலாம். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று இருந்தால்தான் புது முகவரி கேட்க வேண்டும்.