ராத்திரி பால் கொடுக்க ஒரு மூலை: முதலில் சேரை அளந்து பாருங்கள்

கேள்வி: தங்கச்சிக்கு அடுத்த மாசம் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்குத்தான் வர்றா. ராத்திரி உட்கார்ந்து பால் கொடுக்க ரூம்ல ஒரு மூலையை ரெடி பண்ணலாம்னு இருக்கேன். நல்ல சேர், மங்கலா ஒரு லைட், பக்கத்துல சின்ன டேபிள். எப்படி வைக்கிறது? நிறைய வாங்கணுமா?

பெரும்பாலும் வீட்டில் இருப்பதே போதும். கையில் ஒரு இஞ்சி டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். மூத்தவனுக்கு முதல் இருபது நாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, கால் தரையில் முழுசாகப் பதியாது, பிள்ளையை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க முடியாமல் நானே அவன் மேல் குனிந்துகொண்டிருப்பேன். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதில் மூன்று நான்கு தடவை ராத்திரியில்தான். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் என்று வைத்தால்கூட ராத்திரி மட்டும் இரண்டு மணி நேரம் குனிந்தே இருந்திருக்கிறேன். முதுகு வலி ஒரு பக்கம், பிள்ளை காம்பை மட்டும் கவ்வி இழுத்ததில் வந்த புண் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் காரணம் உட்கார்ந்த விதம்தான் என்று சின்னவள் பிறந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸக்கா சொல்லிக்கொடுத்தார்.

அதனால் சேரில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆடுகிற நாற்காலியும் சாய்வு நாற்காலியும் வேண்டாம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் இறங்கிவிடும், எழுந்திருக்க வயிற்றை இறுக்க வேண்டும், தையல் போட்டிருந்தால் உயிர் போகும். நேராக முதுகு இருக்கிற, இரண்டு பக்கமும் கை வைத்த, ஆடாத சேர் போதும். நான் உபயோகித்தது வீட்டில் கிடந்த கை வைத்த பிளாஸ்டிக் சேர்தான். அதன் உட்காரும் உயரம் 17 அங்குலம். நான் ஐந்தடி ஒரு அங்குலம். முழங்காலின் உள்மடிப்பில் இருந்து தரைவரை அளந்தால் எனக்கு 15 அங்குலம்தான் வந்தது. அதாவது இரண்டு அங்குலம் கால் தொங்குகிறது. கால் தொங்கினால் தொடை முன்பக்கம் சரியும், மடியில் இருக்கிற பிள்ளையும் சேர்ந்து சரியும், அதைத் தடுக்க நம்மை அறியாமலே தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்போம். காலுக்கடியில் நாலு அங்குல உயரத்தில் ஒரு மணைப்பலகை போட்டேன். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வந்தது, சரிவு நின்றது. தங்கச்சி வந்ததும் அவள் காலை இதேமாதிரி அளந்துகொள்ளுங்கள். எந்தச் சேர் என்பதைவிட இந்தக் கணக்குதான் முக்கியம்.

முதுகுக்கு இடுப்பு வளைவில் ஒரு சின்னத் தலையணை. மடியில் கெட்டியான தலையணை ஒன்று, தேவைப்பட்டால் மடித்த போர்வையும் சேர்த்து. பிள்ளையின் மூக்கு காம்புக்கு நேராக வருகிற உயரம்வரை ஏற்றுங்கள். பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது. தலையணை உயரம் சரியா என்பதை அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் தலையணை போதவில்லை. முழங்கை சேரின் கைமேல் சும்மா படுத்திருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சிசேரியன் ஆகிவிட்டால் ஒரு மாற்றம் வேண்டியிருக்கும். மடியில் குறுக்கே படுக்கவைத்தால் பிள்ளையின் கால் தையலில் உதைக்கும். அப்போது பிள்ளையை அக்குளுக்கடியில், கால் பின்பக்கம் போகிற மாதிரி இடுக்கிப் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் சேரில் இதைச் செய்யும்போது பிள்ளையின் பாதம் சேரின் முதுகில் முட்டும், முட்டினால் உந்திக்கொண்டு மார்பை விட்டுவிடும். இதற்கு நான் செய்தது, என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை வைத்து நாலைந்து அங்குலம் முன்னால் வந்து உட்கார்ந்தேன். பிள்ளையின் காலுக்கு இடம் கிடைத்தது.

அடுத்து டேபிள். ஹாலில் கிடந்த டீப்பாயை முதலில் கொண்டுவந்து வைத்தேன், ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டேன். தாழ்வாக இருந்தால் தண்ணீர் எடுக்கப் பக்கவாட்டில் குனிய வேண்டும், குனிந்தால் பிள்ளை வாயில் இருந்து காம்பு நழுவும். சேரின் கை எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் ஒரு மர ஸ்டூல் போடுங்கள். சரி, எந்தப் பக்கம் போடுவது? வலது மார்பில் கொடுக்கும்போது இடது கைதான் சும்மா இருக்கும், மாற்றினால் வலது கை. ஸ்டூல் ஒரு பக்கம்தான் இருக்க முடியும். அதனால் ஸ்டூலை வலது பக்கம் வைத்துவிட்டு, சேரின் இடது கையில் ஒரு மஞ்சப்பையை மாட்டினேன். பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் இரண்டு பழைய வேட்டித் துணியும். பால் இறங்க ஆரம்பித்த உடனே தொண்டை வறண்டு தாகம் எடுக்கும், பல பேருக்கு அப்படித்தான், அந்த நேரத்தில் எந்தக் கை சும்மா இருந்தாலும் தண்ணீர் எட்ட வேண்டும். மூடி திருகுகிற பாட்டில் ஒரு கையால் திறக்க வராது, அழுத்தினால் திறக்கிற மூடியோ உறிஞ்சுகிற மூடியோ பாருங்கள்.

ஸ்டூலில் ஒரு மாற்றுத்துணி செட், இரண்டு பேரீச்சம்பழம் அல்லது பொட்டுக்கடலை உருண்டை, ஒரு கைக்கடிகாரம். போனில் மணி பார்க்கப் போனால் அரைமணி நேரம் போனிலேயே போய்விடும். கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்தே போகும். நைட்டியில் அந்தப் பக்கம் ஒரு சேஃப்டி பின் குத்திவைத்தேன், மாற்றும்போது பின்னையும் மாற்றுவேன். சூடான பால், சுக்குக் காப்பி எதுவும் ஸ்டூலில் வேண்டாம். அம்மா அன்போடு டம்ளரில் ஆற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள், பிள்ளையின் ஒரு கை வீச்சில் அது கவிழ்ந்துவிடும். ஃபிளாஸ்க்கில் ஊற்றி அலமாரியில் வைத்துவிடச் சொல்லுங்கள், பிள்ளையைப் படுக்கவைத்த பிறகு குடிக்கலாம்.

லைட் விஷயத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கிற நீல ஜீரோ வாட்ஸ் பல்பைக் கழற்றிவிடுங்கள். நீலமும் வெள்ளையும் தூக்கம் வரவைக்கிற மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும், பால் கொடுத்து முடித்தபின் தாய்க்குத் தூக்கம் சீக்கிரம் திரும்பாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. அரை வாட் மஞ்சள் எல்.இ.டி. இரவு விளக்கு ஒன்று போதும். அதை மேலே மாட்டாமல், சேருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால், சுவரில் முழங்கால் உயரத்தில் இருக்கிற பிளக்கில் சொருகுங்கள். மேலே இருந்தால் அண்ணாந்து படுத்திருக்கிற பிள்ளையின் கண்ணில் நேராக விழும். ஆனால் ஒன்று, பிள்ளையின் வாய் தெரியாத அளவுக்கு இருட்டாகவும் இருக்கக் கூடாது. வாய் அகலமாகத் திறந்திருக்கிறதா, கீழ் உதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் பதிந்திருக்கிறதா, இந்த மூன்றும் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கரண்ட் போனால் போன் டார்ச் அடிக்காமல் இருக்க, சார்ஜ் ஏறுகிற சின்ன மஞ்சள் விளக்கு ஒன்றை ஸ்டூலிலேயே வையுங்கள்.

இந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு குறை உண்டு, எனக்கே நடந்தது. சின்னவளுக்கு நாலாம் நாள் உடம்பில் மஞ்சள் ஏறியிருந்தது, ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. காலையில் ஜன்னலோரம் கொண்டுபோனபோதுதான் நெற்றியும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தோம், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோனோம். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவையாவது பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் முகம், நெஞ்சு, கண் எல்லாம் பாருங்கள். ராத்திரி விளக்கில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது சொல்வதைத் தங்கச்சியும் அம்மாவும் இரண்டு பேரும் கேட்க வேண்டும். எவ்வளவு வசதியாக அமைத்தாலும் அந்தச் சேர் தூங்குவதற்கு இல்லை. ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எனக்குக் கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் சின்னவள் என் கைக்கும் சேரின் கைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சரிந்து, முகம் தலையணையில் புதைய ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. பிள்ளையோடு சோபாவிலோ கை வைத்த நாற்காலியிலோ தூங்கிப்போவது கட்டிலில் தூங்கிப்போவதைவிட ஆபத்து என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. முகம் சந்தில் மாட்டினால் பச்சைக் குழந்தையால் திருப்பிக்கொள்ள முடியாது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்தோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நான் சேரில் உட்கார்ந்தால் அம்மாவோ வீட்டுக்காரரோ விழித்திருந்து ஒரு தடவையாவது வந்து பார்ப்பார்கள். முடியவே முடியாத அளவுக்குக் கண் சொருகினால் சேருக்குப் போகவே மாட்டேன். தரையில் கெட்டியான மெத்தை, சுவரை ஒட்டாமல். பிள்ளை பக்கம் தலையணை, போர்வை எதுவும் கிடையாது. ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பேன், முடிந்ததும் பிள்ளையை அதன் படுக்கையில் மல்லாத்திப் போடுவோம். படுத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் மறுப்பார்கள், எங்கள் வீட்டிலும் மறுத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நர்ஸை அம்மா முன்னால் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் வாக்குவாதம் இருக்காது.

பிரசவத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஒத்திகை பாருங்கள். மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, ரூம் லைட்டை அணைத்து, அந்த மஞ்சள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, தங்கச்சியைச் சேரில் உட்காரவைத்து மடியில் கொடுங்கள். இருபது நிமிஷம். அரிசிப் பையைக் கீழே வைக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், துணி எடுக்கச் சொல்லுங்கள், பக்கம் மாற்றச் சொல்லுங்கள், கடைசியில் கையை ஊன்றாமல் எழுந்து பிள்ளை படுக்கப்போகிற இடம்வரை நடக்கச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்தபோது மணைப்பலகைதான் எழும்போது காலில் தட்டியது. அதை ஒதுக்கித் தள்ள வசதியாக அடியில் ஒரு பழைய துணியை ஒட்டினோம், பாதத்தாலேயே சத்தமில்லாமல் தள்ளிவிடலாம். உங்கள் வீட்டில் வேறு எதாவது தட்டும். அது அந்த இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.