ஃப்ளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெளுக்கிறதே?

*"அக்கா, நான் டீச்சர், தேயிலைக்கு நடுவே நடந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். எனக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். ஹட்டனில் ஒருவரிடமும் நுவரெலியாவில் ஒருவரிடமும் மேக்கப் ட்ரையல் போட்டேன். போனில் பார்த்தால் ஹட்டன் படம்தான் பளிச்சென்று இருக்கிறது, நுவரெலியாப் படத்தில் கறுத்துப் போய்த் தெரிகிறேன். ஆனால் ஹட்டன் மேக்கப்போடு ஸ்டூடியோவுக்குப் போய் ஃப்ளாஷில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது. வீட்டில் எல்லாரும் ஹட்டனையே சொல்கிறார்கள். மூன்று படங்களையும் அனுப்பியிருக்கிறேன். எதை நம்புவது?"*

தங்கச்சி, ஸ்டூடியோப் படத்தை நம்புங்கள். மற்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள், அவை இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை இல்லை.

ஹட்டன் படத்தைப் பெரிதாக்கி உங்கள் கண்மணியைப் பாருங்கள். வளையல் மாதிரி ஒரு வெள்ளை வட்டம் தெரிகிறதா? அது ரிங் லைட். முகத்துக்கு நேரே நின்று எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வெளிச்சம் அடிக்கும் விளக்கு அது. நிழலே விழாது. நிழல் விழாவிட்டால் மேக்கப் எங்கே சரியாகக் கலக்கவில்லை என்பதும் தெரியாது. அடுத்து, உங்கள் பொட்டின் ஓரத்தையும் காதோர முடியையும் பாருங்கள். இரண்டும் பஞ்சு மாதிரி மங்கி இருக்கின்றன. போனில் பியூட்டி மோட் போட்டு எடுத்த படம் இப்படித்தான் இருக்கும். அந்தப் பளிச்சில் பாதி விளக்குடையது, பாதி போனுடையது.

நுவரெலியாப் படம் வெளியே, மூட்டத்தில் எடுத்தது. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரே நீலம் பாய்ந்து கிடக்கிறது பாருங்கள். சுவருக்கு நீலம் ஏறினால் முகத்துக்கும் ஏறும். மாநிறத்தின் மேல் நீலம் ஏறினால் கறுத்ததாகத்தான் தெரியும். அந்த அலங்காரக்காரர் மேல் தப்பில்லை, நம்முடைய மலையின் வெளிச்சம் அப்படி. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது வேறு: தாடை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் கோடே இல்லை.

சரி, ஸ்டூடியோப் படத்துக்கு வருவோம். ஃப்ளாஷில் முகம் வெளுத்தால் மூன்று காரணம் இருக்கலாம். படம் எடுத்தவர் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கலாம், முகத்தில் எண்ணெய் மினுங்கியிருக்கலாம், இல்லையென்றால் பவுடர். பிரித்துப் பார்ப்பது லேசு. தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தைப் பாருங்கள். உங்கள் படத்தில் இதழ் இதழாகத் தெரிகிறது, கழுத்தும் உங்கள் நிறத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் கூடியிருந்தால் மல்லிகை முதலில் வெறும் வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும். ஆகவே படக்காரர் மேல் குற்றமில்லை. எண்ணெய் என்றால் கண்ணாடி மாதிரி மினுங்கும், தலையைத் திருப்பினால் மினுக்கமும் இடம் மாறும். உங்களுக்கு இருப்பது மினுக்கம் இல்லாத சாம்பல் கலந்த வெள்ளை. கண்ணுக்குக் கீழே முக்கோணமாக, மூக்கின் இரண்டு பக்கமும், நெற்றி நடுவில். பிரஷ் போன வழியெல்லாம் அச்சாக விழுந்திருக்கிறது. இது பவுடர்தான்.

நிறமே இல்லாத, மாவு மாதிரி மெல்லிய ஒரு பவுடர் இருக்கிறது. அதில் பெரும்பாலும் சிலிக்காதான். கண்ணால் பார்த்தால் முகத்தில் இருப்பதே தெரியாது, தோல் வழவழப்பாகத் தெரியும். பகல் வெளிச்சம் நாலா பக்கமிருந்தும் வருவதால் அது சிதறிப் போகிறது. கேமராவின் தலையில் இருக்கும் ஃப்ளாஷோ லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக வந்து அடிக்கிறது, பவுடர் அதை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. சிவந்த தோலில் இது அவ்வளவு தெரியாது, மாநிறத்திலும் கறுப்பிலும் மறைக்கவே முடியாது. அடியில் எஸ்.பி.எஃப் கூடிய வெள்ளை சன் கிறீம் பூசியிருந்தால் இன்னும் மோசம். டைட்டானியம் டையாக்சைட், சிங்க் ஒக்சைட் என்று போத்தலில் போட்டிருப்பவை வெயிலைத் தடுப்பது மட்டுமில்லை, ஃப்ளாஷையும் திருப்பும். ஆனால் ஃபவுண்டேஷன் போத்தலில் டைட்டானியம் என்று கண்டதும் பயந்துவிடாதீர்கள், அனேகமாக எல்லா ஃபவுண்டேஷனிலும் நிறத்துக்காக அது இருக்கும். பெயரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஃப்ளாஷ் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

போனில் இருக்கும் லைட்டை அடித்துப் பார்த்து "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்வார்கள். அது பலம் குறைந்த சின்ன எல்.இ.டி. அதில் வெளுத்தால் நிச்சயம் வெளுக்கும், வெளுக்காவிட்டால் எதுவும் தீர்மானமில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவரின் ஃப்ளாஷே வேண்டும், நேராக முகத்தைப் பார்த்து. சிலர் அதை மேலே திருப்பிக் கூரையில் அடித்து எடுப்பார்கள், படம் அழகாக வரும், வெளுப்பும் மறைந்துவிடும். கோயில் மண்டபத்திலும் பந்தலிலும் அந்த வித்தை எடுபடாது.

இனி இரண்டு பேரையும் நியாயமாக ஒப்பிடும் வழி. மறுபடி முழு ட்ரையலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பாதி முகம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் நியாயம் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். இரண்டு நாளும் உங்கள் வீட்டு ஜன்னலில், ஒரே நேரத்தில், ஒரே போனில் எடுங்கள். பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் தாள் ஒரே வெள்ளையாக இருந்தால்தான் முகத்தின் நிறத்தை ஒப்பிடலாம். கலந்திருக்கிறதா என்று பார்க்க ஜன்னலைப் பார்த்து நிற்காதீர்கள், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். பக்க வெளிச்சத்தில் காதுக்கு முன்னால், முடி தொடங்கும் இடம், தாடை ஓரம் மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், கோடு இருந்தால் அங்கேதான் இருக்கும். பூசி இருபது நிமிஷம் கழித்து ஒரு படம், நாலு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. சில ஃபவுண்டேஷன் காற்றுப் பட்டுக் கறுக்கும், பூசிய உடனே எடுத்த படத்தில் அது பிடிபடாது. பிறகு அப்படியே ஸ்டூடியோவுக்குப் போய் நேர் ஃப்ளாஷில் ஒன்று. படத்தை வட்ஸ்அப்பில் வாங்கினால் டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சும்மா அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், கோடும் திட்டும் அதோடு கரைந்து போகும்.

நிறம் பொருந்துகிறதா என்பதில் ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பெண்களுக்கு எழுதி வைத்த விதி உதவாது. பல இடங்களில் சொல்லிக்கொடுப்பது, முகத்தின் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் எடு என்று. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தேயிலைக்கு நடுவே நடந்து போய் வருகிற டீச்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த உயரத்தில் குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் தோலைச் சுடுவது குறைவதில்லை, கூடத்தான் செய்யும். கன்னமும் நெற்றியும் கறுத்து, தாவணியும் ஸ்வெட்டரும் மூடிய கழுத்தும் நெஞ்சும் வெளுத்திருக்கும். மலையில் கொழுந்து பறிக்கிற பிள்ளைகளுக்கு, கொங்காணி போட்ட நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கழுத்து மூன்றாவது. இவர்களுக்குக் கன்னத்தின் நிறத்துக்குப் பூசினால் முகமூடி மாதிரித் தனியாக நிற்கும். சேலையில் கழுத்துக்குக் கீழே நெஞ்சு தெரியும், நகையும் அங்கேதான் கிடக்கும், ஃப்ளாஷும் அங்கே விழும். அதனால் நெஞ்சின் நிறத்துக்குப் பொருத்த வேண்டும். மூன்று நிறத்தை எடுத்துத் தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் விரல் அகலத்துக்குக் கோடு கோடாக இழுத்து, இருபது நிமிஷம் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். எது நெஞ்சில் காணாமல் போகிறதோ அது உங்களுடையது. மணிக்கட்டில் பூசிப் பார்ப்பதில் பயனில்லை. நெற்றிக் கறுப்பை மறைக்கக் கூடுதல் வெள்ளை பூசாமல், ஒரு செம்மஞ்சள் கரெக்டரை மிக மெல்லிசாக அடியில் வைத்தால் சாம்பல் பூக்காது.

இதைச் செய்து காட்ட ஏன் யாரும் இல்லை என்று கேட்கலாம். எனக்கு ஆத்திரம் வருவதே இங்கேதான். நம் டவுன் கடைகளில் போய் மாநிறத்துக்கு ஃபவுண்டேஷன் கேட்டுப் பாருங்கள், வரிசையாகச் சிவப்பு நிறங்கள்தான் இருக்கும். "இது போகும் மிஸ், கொஞ்சம் பளிச்சென்று தெரியும்" என்பார்கள். சில வகுப்புகளில் மணப்பெண்ணுக்கு இரண்டு நிறம் கூட்டிப் போடு என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையின் தோலைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்காமல் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அதைவிடப் பெரிய கண்ணி, பெக்கேஜ்காரர். மண்டபம், படம், அலங்காரம் எல்லாம் ஒரே கையில் என்று வருகிறவர். உங்களுக்கு யார் வருவார் என்று அவருக்கே தெரியாது, யார் கூடக் கமிஷன் தருகிறாரோ அவர் வருவார். ஒருமுறை நான் அலங்கரித்த பிள்ளையின் படத்தையே, தன்னுடைய ஆள் செய்தது என்று காட்டி ஒரு பெக்கேஜ்காரர் இன்னொரு குடும்பத்திடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அந்தப் பிள்ளையின் தாடையில் இருந்த மச்சம் படத்தில் இல்லை, திருத்தி அழித்திருந்தார்கள். நான் பூசிய சுவடும் அதோடு போய்விட்டது. ஆல்பத்தைக் காட்டுகிறவரிடம், திருத்தாத படம் ஒன்றைக் கேளுங்கள், உங்கள் நிறத்தில் உள்ள ஒரு பிள்ளையை நேர் ஃப்ளாஷில் எடுத்தது. இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "வெளுத்தால் எடிட்டில் சரி செய்யலாம்" என்றும் சொல்வார்கள். ஆல்பத்துக்கு எடுக்கிற நாற்பது படத்தைத் திருத்துவார்கள். சொந்தக்காரர் கேமராவிலும் ஸ்டூடியோ மிச்சத்திலும் கிடக்கிற நூற்றுக்கணக்கானதை யார் திருத்துவது?

உங்களுக்கு என் கணிப்பு: நுவரெலியாக்காரரின் கை நல்ல கை. அவருடைய மேக்கப்போடு ஒரு நேர் ஃப்ளாஷ் படம் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹட்டன்தான் வேண்டும் என்று வீட்டில் நின்றால், வெள்ளைப் பவுடரை விட்டு மஞ்சள் சாயம் உள்ள பவுடரைக் கொஞ்சமாக, அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு சன் கிறீம் வேண்டாம்.

கல்யாணத்தன்று விடியற்காலையில், சேலை கட்ட முன்பு, படக்காரரைக் கூப்பிட்டு நேர் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் மேலே மேலே பவுடர் போட விடாதீர்கள். சுத்தமான பிரஷால் தட்டிவிட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. பிறகு இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சேலை கட்டத் தொடங்குங்கள்.