தாத்தா உட்காரும் நாற்காலி

"தாத்தா போய் மூன்று மாதம் ஆகிறது. திண்ணையில் அவருடைய சாய்வு நாற்காலி அப்படியே கிடக்கிறது. கைப்பிடியில் துண்டு. நாலு மணிக் காப்பியை அதில் உட்கார்ந்துதான் குடிப்பார். கறுப்பு வெள்ளையில் எடுத்து, 'நீ இல்லாத தனிமையில், நினைவுகளின் சுமை தாங்கி, மௌனமாய் அழுகிறது உன் நாற்காலி...' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டேன். எழுத்து அதிகம் என்கிறாள் தங்கை. சுருக்கினால் ஒன்றுமே சொல்லாத மாதிரி இருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்பையும் ஒரு படம் எடுத்திருக்கிறேன். 1,500 ரூபாய் கட்டினால் கேப்ஷனும் எழுதிக் கண்காட்சியில் மாட்டுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"
- ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகர்

முதலில் பணத்தைப் பையிலேயே வையுங்கள். அந்த ஆளிடம் அப்புறம் வருகிறேன்.

உங்கள் தங்கை சொல்வது சரிதான். ஆனால் நீளத்தில் இல்லை குறை. தனிமை, நினைவு, சுமை, மௌனம், அழுகை என்று ஐந்து சொற்கள் இருக்கின்றனவே, அந்த ஐந்தும் ஏற்கெனவே படத்தில் இருக்கின்றன. காலி நாற்காலியைப் பார்த்தவுடன் பார்ப்பவர் மனதில் எழுவதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள். அவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கறுப்பு வெள்ளையில் இது இன்னும் மோசம். நிறம் போனதுமே படம் பாதி துக்கமாகிவிடுகிறது, அதன் மேல் 'அழுகிறது' என்றால் ஒப்பாரி வீட்டில் ஒலிபெருக்கி வைத்த மாதிரி.

இரண்டு சோதனை செய்யுங்கள். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். எழுத்தில் இருந்தது படத்திலேயே தெரிந்தால் அந்தச் சொல்லை வெட்டுங்கள். அடுத்து படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள். படம் இல்லாமலேயே அது முழுதாக நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் எழுதியது கவிதை, அதைத் தனியாகப் போடுங்கள். நல்ல கேப்ஷன் படம் இல்லாவிட்டால் பாதியில் நிற்கும்.

இப்போது உங்கள் வரியை வெட்டுவோம். ஐந்தையும் எடுத்தால் 'நீ இல்லாத உன் நாற்காலி' மிஞ்சும். 'இல்லாத' என்பதும் படத்தில் தெரிகிறது, அதுவும் போகட்டும். படத்தில் தெரியாதது என்ன? அது தாத்தாவுடையது என்பது. 'தாத்தாவின் நாற்காலி.' குற்றம் இல்லை, ஆனால் பொருளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிய மாதிரி இருக்கிறது. 'தாத்தா உட்கார்ந்த நாற்காலி' என்றால் முடிந்துபோன சேதி. 'தாத்தா உட்காரும் நாற்காலி' என்று எழுதிப் பாருங்கள். 'உட்காரும்' என்றால் தினமும் உட்காருகிறவர், இனியும் உட்காரப்போகிறவர். படம் அவர் இல்லை என்கிறது, அந்த ஒரு 'உம்' ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீங்கள் ஐந்து சொல்லில் சொல்ல முயன்றது இதைத்தானே?

இன்னும் குறைக்கலாம். உங்கள் கடிதத்திலேயே அந்த வரி இருக்கிறது: 'மணி நாலு.' காப்பி பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். திண்ணையில் சாய்ந்து விழும் வெயில் படத்தில் இருந்தால் இது போதும். உச்சி வெயிலில் எடுத்த படமென்றால் விட்டுவிடுங்கள், நிழலைப் பார்த்தே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று புள்ளிகளையும் எடுத்துவிடுங்கள். 'இங்கே உருகவும்' என்று பலகை வைப்பது அது.

ஒரு தகவல் எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கே எடுத்த புகழ்பெற்ற படம் இருக்கிறது: பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், பிள்ளைகள் தோளில் சாய்ந்திருக்க, கன்னத்தில் கைவைத்த தாய். அரசுக் கோப்பில் அதன் குறிப்பு, வறிய பட்டாணிக் கூலிகள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32, நிபோமோ, கலிபோர்னியா என்ற அளவில்தான் போகிறது. முகத்தைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம். அந்த '32' செய்வதை 'சோகம்' என்ற சொல்லால் செய்ய முடியாது.

இனி ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எல்லோரும் வழுக்குகிறார்கள். 'சுருக்கமாக எழுது' என்று நான் சொன்னது ஊருக்கும் வருடத்துக்கும் பொருந்தாது. கறுப்பு வெள்ளை எந்தப் படத்தையும் பழசாக்கிவிடும். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயச் சுவர் இன்றும் நிற்கிறது, போகிறவர்கள் எல்லாரும் அதை எடுக்கிறார்கள். ஒருவர் 2024இல் எடுத்து, நிறத்தை நீக்கி, கீழே 'கடல் கொண்டது' என்று மட்டும் போடுகிறார். நல்ல கேப்ஷன்தான், நானே பாராட்டுவேன். ஆனால் யாரோ அதைச் சேமித்து இன்னொரு குழுவில் போடுகிறார், 'புயலுக்கு மறுநாள் எடுத்தது' என்ற சேதியோடு. அடுத்த டிசம்பரில் அது ஆவணப்படமாகவே சுற்றும். எடுத்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய்க்கு இடம் விட்டார். அதனால் மனநிலைக்கு ஒரு வரி, அதன் கீழே சின்னதாக 'தனுஷ்கோடி, 2024' என்று இன்னொரு வரி. இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். சேமித்து அனுப்பும்போது கேப்ஷன் படத்தோடு போகாது என்பதால், பழைய இடம், இடிபாடு, கூட்டம் போன்ற படங்களில் வருடத்தைப் படத்தின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் போட்டுவிடுங்கள். உங்கள் நாற்காலிக்கும் 'ஒரத்தநாடு' என்று ஊரும் அதன் பக்கத்தில் வருடமும் வேண்டும். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து 'இது எப்போ?' என்று கேட்கும்.

சரி, அந்த 1,500 ரூபாய்க்காரர். வேறொருவர் எழுதும் கேப்ஷனில் 'மணி நாலு' வராது. அவருக்கு உங்கள் தாத்தா காப்பி குடித்த நேரம் தெரியாது. 'நினைவுகளின் நிழல்' என்றோ 'மௌனத்தின் மொழி' என்றோ ஒன்று வரும், அதையே அடுத்த ஊர்க்காரரின் கிணற்றுப் படத்துக்கும் ஒட்டுவார். 'நூறு கேப்ஷன்' என்று பொட்டலம் கட்டி விற்பவர்களும் இதே ரகம். இன்னொன்று, எதில் கையெழுத்துப் போடும் முன்பும் நிபந்தனைகளைப் படியுங்கள். படத்தை எப்போதும், எங்கும், கேட்காமல் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருந்தால் பணமும் கொடுத்து தாத்தாவையும் கொடுத்ததாக ஆகும்.

கேப்ஷன் தொழில் செழிப்பதற்குப் போட்டி நடத்துகிறவர்களும் காரணம். ஒரு போட்டிக்கு நான் படம் அனுப்பினேன். கேப்ஷன் கட்டத்தில் இரண்டு சொல் போட்டேன். 'குறைந்தது நூறு சொற்கள்' என்று படிவம் திருப்பி அனுப்பியது. ஒரு சுவரையும் ஒரு சைக்கிளையும் பற்றி நூறு சொல்! வேறு வழியில்லாமல் 'மனித இருப்பின் நிலையாமை' என்று ஆரம்பித்து நானும் நூறு சொல் எழுதினேன். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு படிவம் வந்தால், எந்த ஊர், என்ன நேரம், நாற்காலி யாருடையது, செய்தது யார் என்று தகவலாகவே நிரப்புங்கள். உருக வேண்டாம்.

செருப்புப் படத்துக்கு வருவோம். அது யாருடைய செருப்பு என்பது படத்தில் தெரியாது. விருந்தாளியுடையது என்றுகூட நினைக்கலாம். நாற்காலிப் படத்துக்கு அடுத்ததாகப் போடுவதென்றால் ஒன்றும் எழுத வேண்டாம், ஊரும் வருடமும் போதும். தனியாகப் போடுவதென்றால் ஒரே ஒரு சொல்: 'தாத்தாவுடையது.'