சந்தையை நிறுத்தினால் ஸ்டாப் லாஸ் என்ன ஆகும்?

"400 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு 370-ல் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன். சந்தை 10% விழுந்து வர்த்தகத்தை நிறுத்தினாலும் ஆர்டர் அப்படியே இருக்கும், திறந்ததும் விற்றுவிடும் என்கிறார் எங்கள் ஏஜென்ட். நம்பலாமா?"
— வாசகர், தேவகோட்டை

நம்பாதீர்கள். சந்தையைத் தானாக நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர் விழுந்ததும் நிறைவேறாத ஆர்டர்கள் அனைத்தையும் பங்குச்சந்தையே அழித்துவிடும். விலை 370-க்கு இறங்கினால் விற்கச் சொல்லும் உங்கள் ஸ்டாப் லாஸும் அதில் போய்விடும்.

நிஃப்டி முந்தைய நாள் 25,000-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 11.10-க்கு அது 22,500-ஐத் தொட்டால், அதாவது 10% விழுந்தால், 45 நிமிடம் எல்லாப் பங்கும் நிற்கும். (சென்செக்ஸ் முதலில் தொட்டாலும் இதே கதைதான்.) 11.55-க்கு முன்-திறப்பு நேரம் தொடங்கும். 15 நிமிடம் ஆர்டர்களைச் சேர்த்து ஒரே விலையைக் கண்டுபிடித்து, 12.10-க்குத்தான் வழக்கமான வர்த்தகம். நிறுத்தும்போது 372-ல் இருந்த உங்கள் பங்கு 350-ல் திறக்கலாம். 370-ல் விற்றுவிட்டோம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பங்கு உங்கள் கணக்கிலேயே கிடக்கும்.

விற்றே ஆகவேண்டும் என்றால் முன்-திறப்பின் முதல் ஏழு நிமிடத்துக்குள் நீங்கள் சொல்லும் விலைக்குக் குறையாமல் விற்கும் லிமிட் ஆர்டரோ, கிடைக்கும் விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டரோ போடுங்கள். அந்த நேரத்தில் ஸ்டாப் லாஸ் ஏற்கப்படாது, 12.10-க்குப் பிறகு புதிதாகப் போடவேண்டும். ஆர்டர் உயிர்பெறும் ட்ரிகர் 370-ல், லிமிட் 368-ல் என்று பழைய எண்களையே போட்டால், 350-ல் இருக்கும் பங்கு விற்காது. இவ்வளவு முக்கியமான விஷயத்தை 'ஆர்டர் ரத்து' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடும் ஆப்கள் இன்னும் இருக்கின்றன. காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மதியம் 1 மணிக்கு மேல் 10% விழுந்தால் 15 நிமிடம் மட்டுமே நிறுத்தம். 2.30-க்குப் பிறகு அதுவும் கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை: 2.40-க்கு சந்தை 10% கீழே போனாலும் வர்த்தகம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் ஸ்டாப் லாஸும் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் 15% எட்டினால்தான் அன்றைய வர்த்தகம் முடியும். 20% என்றால் எந்த நேரமானாலும் கடை கட்டியதுதான்.

நிறுத்தினால் சந்தை தேறிவிடும் என்ற பேச்சையும் நம்பவேண்டாம். 2020 மார்ச் 13 அன்று நின்று திறந்த சந்தை ஏற்றத்தில் முடிந்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 23 அன்று, திறந்த பிறகும் விழுந்து சென்செக்ஸ் சுமார் 13% இறக்கத்தில் முடிந்தது.

இந்த 45 நிமிடத்தில்தான் இடைத்தரகர்களின் வேலை நடக்கும். "சந்தை நின்னாலும் நான் வெளியே முடிச்சுத் தர்றேன், பணம் மட்டும் அனுப்புங்க" என்றால் அது டப்பா வர்த்தகம்; சட்டவிரோதம், பணத்துக்குக் கேட்க நாதி இருக்காது. "ஆபத்து அவசரத்துக்கு" என்று உங்கள் கணக்கிலிருந்து பங்கை மாற்ற உதவும் டெலிவரி ஸ்லிப்பில், அதுவும் வெற்றாக, கையெழுத்தோ பாஸ்வேர்டோ கேட்டாலும் கொடுக்காதீர்கள். விற்றாகிவிட்டது என்று ஏஜென்ட் சொன்னால், புரோக்கரிடமிருந்து 24 மணி நேரத்துக்குள் வரவேண்டிய கான்ட்ராக்ட் நோட்டில் அந்த விலையும் நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தம் நடந்த நேரம் அதில் அச்சாகியிருந்தால், அந்த நோட்டே போலி.