சிங்கப்பூர் பயணம்: பவர் பேங்க் கையில், ஊறுகாய் பெட்டியில்

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுடன் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். 20,000 mAh பவர் பேங்க், இரண்டு கேமரா பேட்டரிகள், லேப்டாப், ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொண்டுபோக வேண்டும். எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம், எதைப் பெட்டியில் போட வேண்டும்?

பதில்:

பவர் பேங்கும் கேமரா பேட்டரிகளும் கட்டாயம் கையோடு வர வேண்டும். ஊறுகாய், நெய், எண்ணெய் மூன்றும் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். லேப்டாப்பைப் பெட்டியில் போட்டால் தவறென்று சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகள் விமான நிலைய செக்-இன் கவுண்டரில் வேலை செய்தவன் நான். பெரும்பாலானோர் இதை அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டு வருவார்கள். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. கைப்பைக்குப் பல நிறுவனங்களில் 7 கிலோதான் வரம்பு. பவர் பேங்க் கையில் கனக்கும் பொருள், அதனால் பெட்டிக்குள் போய்விடும். ஊறுகாய் பாட்டில் உடைந்து துணியெல்லாம் எண்ணெயாகிவிடுமோ என்ற பயத்தில் அது கைப்பைக்கு வந்துவிடும். முடிவில் பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும், பெட்டி ஸ்கேனரில் நின்றுவிடும்.

இரண்டு விதிகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திரவ விதி பிறந்தது 2006 ஆகஸ்டில். குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை ஏற்றி, பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்றை அந்நாட்டுக் காவல்துறை முறியடித்தது. ஆகவே அங்கே கவலை மனிதரைப் பற்றியது: பயணி தன் கைக்கெட்டும் இடத்தில் எதை வைத்திருக்கிறார் என்பது. பேட்டரி விதியின் கவலை பொருளைப் பற்றியது. பேட்டரி யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. அப்படிப் பிடித்தால் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

சரக்கறையில் தீயணைக்கும் ஏற்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பயணிகள் விமானங்களின் சரக்கறையில் ஹேலான் என்னும் வாயுவைச் செலுத்தித் தீயை அடக்குவார்கள். துணி, காகிதம், அட்டைப்பெட்டி போன்றவற்றில் பற்றிய சுடரை அது நன்றாகவே அடக்கும். ஆனால் லித்தியம் அயன் மின்கலத்தில் வெப்பம் உள்ளிருந்தே பிறக்கிறது. உள்ளே ஓரிடத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டதும் அந்தச் சூட்டில் வேதிவினை வேகமெடுக்கும், அந்த வினை மேலும் சூட்டைக் கிளப்பும், சூடு பக்கத்து மின்கலத்துக்குத் தாவும். ஹேலான் சுடரை அணைக்குமே தவிர இந்தச் சூட்டைத் தணிக்காது. தணிக்க நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், ஆள் இருப்பது கேபினில்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் செய்த சோதனை ஒன்றில், பெட்டிக்குள் லேப்டாப்பையும் அதன் அருகே தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்றையும் வைத்து லேப்டாப் பேட்டரியைச் சூடேற்றினார்கள். ஒரு நிமிடம் ஆவதற்குள் டப்பா வெடித்தது. லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது இதனால்தான். வேறு வழியின்றிப் பெட்டியில் போட நேர்ந்தால் உறக்க நிலையில் விடாமல் முழுமையாக அணைத்து, துணிகளுக்கு நடுவே அழுத்தம் படாதபடி வையுங்கள்.

இனி உங்கள் பவர் பேங்க். விதியில் mAh கணக்கு கிடையாது, Wh எனப்படும் வாட்-மணிக் கணக்குதான். பின்புறம் பொடி எழுத்தில் Wh மதிப்பை அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் நாமே கணக்கிடலாம்:

```
Wh = mAh × V ÷ 1000
20000 × 3.7 ÷ 1000 = 74 Wh
```

இதில் பலர் இடறுவது V என்ற இடத்தில். பவர் பேங்கிலிருந்து வெளியே வருவது 5 வோல்ட் என்று அதன் மேலேயே எழுதியிருப்பதால் 5 என்று போட்டுவிடுகிறார்கள். அப்போது விடை 100 வந்து பயந்துபோகிறார்கள். 20,000 என்ற எண் உள்ளே இருக்கும் மின்கலத்தின் கொள்ளளவு. அந்த மின்கலத்தின் மின்னழுத்தம் பெரும்பாலும் 3.7 வோல்ட். ஆகவே உங்களுடையது 74. நூறு வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் கையிலும் ஏறாது, பெட்டியிலும் ஏறாது. கடையில் 30,000 என்று எழுதி விற்பதை வாங்கினால் அது 111 ஆகிவிடும், கவுண்டரில் நின்று பேச வேண்டியிருக்கும். பயணத்துக்காகவே வாங்குபவர்கள் 20,000த்தோடு நின்றுகொள்வது நிம்மதி. எத்தனை பவர் பேங்க் கொண்டுபோகலாம் என்பதை நிறுவனங்கள் தனித்தனியாக வரையறுக்கின்றன. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்கிறது. நீங்கள் போகும் நிறுவனத்தின் பக்கத்தைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

இன்னொன்று, அந்தப் பொடி எழுத்து தேய்ந்து போயிருந்தால் கணக்குப் போட்டு நிரூபிக்க வழியில்லை. சோதனை அதிகாரி மறுத்தால் மறுத்ததுதான். உப்பியிருக்கும் பவர் பேங்கை எழுத்து தெளிவாக இருந்தாலும் கொண்டுபோகாதீர்கள். மேசைமேல் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கேமரா பேட்டரிகள் சிறியவை, 7.2 வோல்ட், 2000 mAh என்றாலும் 14 சொச்சம்தான். அவற்றில் பார்க்க வேண்டியது முனைகளை. உலோக முனை சாவிக்கொத்திலோ சில்லறையிலோ பட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் மூடி இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் முனைமேல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

விமானத்துக்குள் ஏறிய பிறகும் விதி உண்டு. 2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங்குக்குப் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டகத்திலிருந்து தீ கிளம்பியது. 176 பேரும் வெளியேறித் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்து திறந்துகொண்டது. பவர் பேங்கின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பின்னர் தெரிவித்தார்கள். அதன்பின் ஆசிய நிறுவனங்கள் வரிசையாக விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் எதையும் சார்ஜ் செய்யவும், பவர் பேங்கையே சார்ஜ் செய்யவும் அனுமதிப்பதில்லை. ஆகவே போனை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பவர் பேங்கை மேலே வைக்காமல் முன் இருக்கைப் பையிலோ காலடியிலோ வையுங்கள். புகையோ விநோத வாடையோ வந்தால் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். பனிக்கட்டியை மட்டும் மேலே வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே மூடிவைத்துவிடும். போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டாலும் அப்படித்தான்: இருக்கையை முன்னும் பின்னும் அசைத்துத் தேடாமல் ஆளைக் கூப்பிடுங்கள், நசுங்கிய போன்களிலிருந்து புகை வந்திருக்கிறது.

ஊறுகாய்க்கு வருவோம். பன்னாட்டுப் பயணத்தில் கையில் கொண்டுபோகும் திரவம் 100 மில்லிக்கு மேற்படாத கொள்கலனில் இருக்க வேண்டும். அவை அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பை. பார்ப்பது பாட்டிலின் அளவை, உள்ளே மிஞ்சியிருப்பதை அல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் கிடந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான். திரவம் என்றால் தண்ணீர்போல் ஓட வேண்டும் என்பதும் இல்லை. குழைவாக, பசையாக, களிம்பாக இருப்பவை எல்லாம் இதில் அடக்கம்: ஊறுகாய், தொக்கு, தயிர், தேன், உறைந்த நெய், பற்பசை. உங்கள் அம்மா காலையில் கட்டிக்கொடுக்கும் சட்னியும்தான். இட்லியை மட்டும் கையில் எடுத்துப்போங்கள். அம்மாவுக்குத் திரவ மருந்து இருந்தால் பயணத்துக்குத் தேவையான அளவைக் கையில் வைத்துக்கொள்ளலாம், மருத்துவர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

பெட்டிக்குள் போகும் பாட்டில்களுக்குப் பயப்பட வேண்டாம். விளிம்புவரை நிரப்பாதீர்கள், மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியைத் தள்ளும். வாயில் பிளாஸ்டிக் தாளை வைத்து அதன்மேல் மூடியைத் திருகி, சுற்றி டேப் ஒட்டி, இரண்டு உறைகளில் போட்டுத் துணிக்கு நடுவே நிற்கவையுங்கள். கண்ணாடியைவிட பெட் பாட்டில் மேல்.

கடைசியாக, பேட்டரி விதியை அறியாமலே மீறிவிடும் தருணம் ஒன்று உண்டு. விமானம் நிரம்பிவிட்டால் போர்டிங் கேட்டில், உங்கள் டிராலியைக் கீழே அனுப்பிவிடுகிறோம் என்று சீட்டு கட்டுவார்கள். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும், அவசரத்தில் கொடுத்துவிடுவோம். அந்த நொடியில் அது செக்-இன் பெட்டியாகிவிடுகிறது, பவர் பேங்க் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் பவர் பேங்கையும் கேமரா பேட்டரிகளையும் டிராலியில் வைக்காமல் தோளில் மாட்டும் சின்னப் பையிலேயே முதலிலிருந்து வைத்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது ஒரு வேறுபாடு இருக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் புறப்படும் கேட்டின் வாசலில்தான் நடக்கிறது. குடியேற்றச் சோதனை முடிந்ததே என்று உள்ளே தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் கேட்டில் கொட்ட வேண்டியிருக்கும். அங்கே வரியில்லாக் கடையில் வாசனைத் திரவியம் வாங்கினால் முத்திரையிட்ட பையில் ரசீதோடு கொடுப்பார்கள், அதை வீட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள்.