திங்கட்கிழமை செய்தவன் இன்று ஏன் செய்யவில்லை?

வணக்கம் மேடம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மகன் ஒன்றாம் வகுப்பு, ஆறு வயது. மகளுக்கு வயது பதினைந்து. காலையில் ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். “சாக்ஸ் போடு, டப்பாவைப் பையில் வை, பாட்டிலை எடு” என்று சொல்லிவிட்டுப் போனால், அவன் ஒரு கால் சாக்ஸோடு பொம்மை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பான். ஆனால் திங்கட்கிழமை எல்லாவற்றையும் தானே செய்தான். அப்படியென்றால் இது திமிர்தானே? அவன் அக்கா முந்தின ராத்திரியே எல்லாம் எடுத்து வைத்துவிடுவாள்.
— ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

திமிர் இல்லை.

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் உங்கள் மகன் வயதுதான். போன மே மாதம் ஒரு மதியம், “கால் சுடும்டா, செருப்பு போட்டுக்கினு போ” என்று அவன் ஆயா சொன்னார். “சரி ஆயா” என்று சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு ஓடினான். தார் ரோட்டில் நாலு எட்டு வைத்திருப்பான். துள்ளிக் குதித்துத் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஆயாவுக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அவர் சொன்னதை அவன் மறக்கவில்லை. கால் சுட்டதும் அது நினைவுக்கு வந்தது. சுடுவதற்கு முன்னால் வரவில்லை, அவ்வளவுதான்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் யூகோ முனகாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் இதை அளந்தே காட்டினார்கள். திரையில் ஒரு படம் வரும், சற்று இடைவெளி விட்டு இன்னொன்று வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். மூளை உழைக்கும்போது கண்ணின் பாப்பா விரியும். 8 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியிலேயே அது விரிந்தது, அதாவது அடுத்து வரப்போவதற்குத் தயாரானார்கள். மூன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது படம் வந்த பிறகுதான் உழைப்பு தெரிந்தது. அப்போதுதான் முதல் படத்தைத் தேடிப் போனார்கள்.

உங்கள் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். முன்கூட்டியே தயாராகிற வழி அவனுக்கு இப்போதுதான் திறக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், ஆட்டோ கண்ணில் படாத நாளில், அது வேலை செய்யும். மற்ற நாளில் பழைய வழிக்கே போய்விடுவான். ஒரு நாள் செய்தான் என்பதால் தினமும் முடியும் என்று ஆகிவிடாது.

நீங்கள் சொல்வது மூன்று வேலை. முதலாவதைச் செய்யும்போதே மற்ற இரண்டையும் மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதே நேரத்தில் ஆட்டோ பக்கம் போகிற கையையும் நிறுத்த வேண்டும். பிடித்து வைப்பது, நிறுத்துவது இரண்டுமே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியை நம்பித்தான் நடக்கின்றன. அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும்.

திட்டம் போடுவது இன்னும் தாமதமாக வருவது. 1982-இல் டிம் ஷாலிஸ் வெளியிட்ட ‘லண்டன் கோபுரம்’ என்ற சோதனையில் மூன்று கம்பிகள், மூன்று வண்ண மணிகள். காட்டிய அமைப்பைக் குறைந்த நகர்த்தலில் கொண்டுவர வேண்டும். சில கணக்குகளில் ஒரு மணியை அதன் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் வேறு கம்பியில் ஒதுக்க வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளை அந்த மணியை நேராக அதன் இடத்துக்கே கொண்டுபோய்விட்டு, அப்புறம் மாட்டிக்கொள்ளும். பதின்வயதின் கடைசியில் இருப்பவர்கள் கடினமான கணக்கு வந்தால் மணியைத் தொடும் முன்பே நின்று யோசிப்பார்கள். உங்கள் மகள் ராத்திரியே பையை அடுக்குவதும் அந்த மாதிரிதான்: வேன் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறாள். அவளிடமும் இது முழுதாக வந்துவிடவில்லை. தோழிகள் கூட இருக்கும்போது கொஞ்சம் நழுவினால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரி, காலையில் என்ன செய்யலாம்? அவனுக்கு நினைவு வரும் இடத்தில் பொருளை வையுங்கள். சாக்ஸ் ஷூவுக்குள் இருக்கட்டும். பாட்டிலை வாசல் கதவின் தாழ்ப்பாளில் மாட்டுங்கள், அதைத் தொடாமல் கதவைத் திறக்க முடியாது. ஆட்டோ ராத்திரியே அலமாரிக்குப் போகட்டும். சமையலறையிலிருந்து மூன்றையும் சேர்த்துக் கத்தாமல், பக்கத்தில் போய் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அது முடிந்ததும் “அடுத்தது என்ன?” என்று கேளுங்கள், அவன் வாயால் சொல்லட்டும்.

மறதி வீட்டில் மட்டும் இல்லாமல் வகுப்பிலும் இருந்து, அதே வயதுப் பிள்ளைகளைவிட மிக அதிகமாக 6 மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ நட்பையோ கெடுத்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாட்டிலைத் தாழ்ப்பாளில் மாட்டி இரண்டு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.